ஃபீஸ் குறைக்கச் சொல்லி ஒரு லெட்டர்: விவரம் எதுவும் சொல்லப்படாதபோது எழுதும் முறை

"அண்ணா, பையன் ஸ்கூலுக்கு ஃபீஸ் குறைக்கச் சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. ஏழாவது படிக்கிறான்."

அக்டோபர் தொடக்கத்தில் எனக்கு வந்த வாய்ஸ் மெசேஜ் இவ்வளவுதான். அனுப்பியவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். என்ன கஷ்டம், எவ்வளவு குறைக்க வேண்டும், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று ஒன்றும் சொல்லவில்லை. ஃபீஸ் கடிதம் கேட்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள். கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்வது சுலபமில்லை. தொகையைச் சொன்னால் அதிகமாகக் கேட்கிறோமோ என்ற கூச்சம். காகிதம் வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

நான் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியின் அலுவலகத்தில் பல வருஷம் கணக்குப் பார்த்தவன். இப்படி வரும் கடிதங்களைப் பிரித்து, மாணவரின் கணக்கோடு ஒத்துப் பார்த்து, தாளாளர் மேஜைக்குக் கொண்டுபோவது என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்காக நீங்களே எழுதினாலும் சரி, தெரிந்தவருக்காக எழுதிக் கொடுத்தாலும் சரி, முறை ஒன்றுதான்.

முதலில்: தெரியாததை இட்டு நிரப்பாதீர்கள்

விவரம் தெரியாதபோது கை தானாக எழுதும் வாக்கியங்கள் சில உண்டு. "என் கணவர் உடல்நலக் குறைவால் வேலைக்குச் செல்ல இயலவில்லை." "நாங்கள் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்." "வருமானச் சான்றிதழ் இணைத்துள்ளேன்." மாதிரிக் கடிதங்களில் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துபோனவை.

ஒருமுறை நானும் அப்படி எழுதினேன். வேறொரு பள்ளிக்கு, ஒரு நண்பருக்காக. காரணத்தை அவர் சொல்லவில்லை. நானாக "உடல்நலக் குறைவு" என்று போட்டுவிட்டேன். தாளாளர் அவரைக் கூப்பிட்டு, "இப்போ உடம்பு எப்படி இருக்கு? எந்த ஆஸ்பத்திரியில பார்க்கறீங்க?" என்று அக்கறையோடுதான் கேட்டிருக்கிறார். நண்பருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கூட்டாளியோடு பிரச்சினையாகிக் கடையை மூடியிருந்தார். உண்மைக் காரணம் அதுதான். அதைச் சொல்லியிருந்தாலே சலுகை கிடைத்திருக்கும். கடிதத்தில் இருந்தது பொய் என்று ஆனபின் உண்மையையும் யாரும் நம்பவில்லை. அந்த வருஷம் அவர் முழுக் கட்டணமும் கட்டினார். தவறு என்னுடையது. அதிலிருந்து, கேட்காத காரணத்தை எழுதுவதில்லை.

ஆனால் கேட்கும்வரை ஒன்றும் எழுத முடியாது என்பதும் இல்லை. கோரிக்கையை வைத்தே ஒரு வாக்கியம் உறுதியாகத் தெரிகிறது: முழுக் கட்டணத்தையும் இப்போது கட்ட முடியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மையமாக வைத்து, மற்ற இடங்களைக் கோடாக விட்டு, கடிதத்தின் உருவத்தை முதலில் தயார் செய்யலாம். அதைக் கையில் கொடுத்தால், எதை நிரப்ப வேண்டும் என்று கேட்டவருக்கே புரிந்துவிடும்.

கோடு விட்ட கடிதம்

அன்று மாலையே அந்தப் பெண்ணுக்கு நான் எழுதி அனுப்பியது இது:

அனுப்புநர்
............ (பெற்றோர் பெயர்)
............ (முகவரி, கைபேசி எண்)

பெறுநர்
தாளாளர் அவர்கள்,
............ பள்ளி, திருப்பூர்.

வழி: முதல்வர் அவர்கள்

பொருள்: 7-ஆம் வகுப்பு '......' பிரிவு மாணவர் ............, சேர்க்கை எண் ......, இந்த ஆண்டின் மீதிக் கட்டணத்தில் சலுகை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மேற்கண்ட மாணவரின் தாய் நான். என் மகன் ...... வகுப்பிலிருந்து உங்கள் பள்ளியில் படித்து வருகிறான். இந்தக் கல்வியாண்டில் ...... பருவம் வரை கட்டணம் செலுத்தியுள்ளோம். இன்னும் ரூ. ...... செலுத்த வேண்டியுள்ளது.

இந்த மீதித் தொகை முழுவதையும் செலுத்த இயலாத நிலையில் இப்போது இருக்கிறோம். ............ (காரணம்: இரண்டு மூன்று வாக்கியம். எழுத விருப்பமில்லை என்றால்: "அதன் விவரத்தைத் தங்களிடம் நேரில் தெரிவிக்க விரும்புகிறேன்.")

எங்களால் ரூ. ...... செலுத்த முடியும். மீதமுள்ள ரூ. ...... தொகையைச் சலுகையாக அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (தொகை முடிவாகவில்லை என்றால்: "பள்ளியின் நடைமுறைப்படி இயன்ற சலுகையை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.")

இதுகுறித்துத் தங்களை நேரில் சந்திக்க ஒரு நாளும் நேரமும் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
............ (கையொப்பம்)
இடம்:
நாள்:

இந்தக் கடிதத்தில் 'இணைப்பு' என்ற வரியே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். காகிதம் கையில் இருக்கிறது என்று தெரிந்தபின் சேர்த்துக்கொள்ளலாம். இணைப்பு என்று எழுதி ஒன்றும் வைக்காத கடிதத்தை அலுவலகத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்: "பேப்பர் வரட்டும்" என்று ஒரு ஃபைலில் போட்டுவைப்பார்கள். பெற்றோரோ பதில் வரும் என்று காத்திருப்பார்கள். இப்படியே பருவம் முடிந்துவிடும்.

காரணத்தையும் தொகையையும் விட்டுவிடலாம். ஆனால் பெயர், வகுப்பு, பிரிவு, சேர்க்கை எண், மீதி எவ்வளவு என்ற ஐந்தும் கட்டாயம் வேண்டும். ஒரே பள்ளியில் ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். சேர்க்கை எண் கட்டண ரசீதிலேயே இருக்கும்.

மூன்று கேள்விகள், கேட்கும் விதம்

உருவம் தயாரானபின் விவரம் கேட்கலாம். "என்ன கஷ்டம்?" என்று கேட்டால் பதில் வராது, அல்லது "கஷ்டம்தாண்ணா" என்று வரும். நான் வேறு மாதிரி கேட்கிறேன்.

முதலாவது: "போன வருஷம் எப்படிக் கட்டினீங்க? இந்த வருஷம் எது மாறுச்சு?" எது மாறியது என்பதுதான் காரணம். "ஏழைக் குடும்பம்" என்பதைவிட இது பள்ளிக்கு ஆயிரம் மடங்கு பயன்படும். ஏனென்றால் போன வருஷம் கட்டணம் ஒழுங்காக வந்திருப்பது அவர்கள் கணக்கிலேயே இருக்கும். மாறியது என்ன, அது எப்போது சரியாகும் என்று தெரிந்தால் முடிவெடுப்பது எளிது.

அந்தப் பெண் சொன்னார்: "முன்னாடி வாரம் ஆறு ஷிஃப்டுங்கண்ணா. ஆகஸ்டுல இருந்து மூணு ஷிஃப்டுதான். ஆர்டர் இல்லைங்கறாங்க. அவரும் அதே கம்பெனிலதான் அயர்னிங்." இருவருக்கும் சேர்த்து வாரத்துக்கு 9,000 ரூபாய் வந்த வீட்டில் இப்போது 5,000 கூட வருவதில்லை.

இரண்டாவது: "மாசம் எவ்வளவு எடுத்துவைக்க முடியும், வாடகை, மளிகை போக?" எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்பதற்குப் பதில் இது. கட்ட முடிந்த தொகை தெரிந்தால் கேட்க வேண்டிய தொகை கழித்தலில் வந்துவிடும்.

மூன்றாவது: "இதைக் காட்ட வீட்டில் என்ன இருக்கு?" சான்றிதழ் என்ற வார்த்தையை நான் சொல்வதில்லை. சொன்னால் "ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் பதில் வரும்.

சிலர் காரணத்தைச் சொல்லவே மாட்டார்கள். கணவர் பிரிந்து போயிருப்பார், வீட்டில் ஒருவருக்கு வெளியே சொல்ல முடியாத நோய் இருக்கும், பெரிய கடன் இருக்கும். வற்புறுத்தக் கூடாது. கடிதம் அலுவலகத்தில் நான்கு பேர் கைக்குப் போகும். அதில் ஒருவர் அவர்கள் தெருவிலேயே இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு "நேரில் தெரிவிக்க விரும்புகிறேன்" என்ற வாக்கியம்தான் சரி. அதோடு, கட்டக்கூடிய தொகையைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். காரணம் இல்லாத கடிதத்துக்கு அந்த எண்தான் பலம் தரும்.

தொகையைக் கணக்கிடுவது

அந்தப் பையனின் வருஷக் கட்டணம் 27,000 ரூபாய். மூன்று பருவமாக 9,000 வீதம். ஜூனில் முதல் பருவம் கட்டியாகிவிட்டது. இரண்டாவது அக்டோபரில், மூன்றாவது ஜனவரியில். ஆக மீதி 18,000.

மாதம் 1,500 எடுத்துவைக்க முடியும் என்றார். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஆறு மாதம்: 9,000. கையில் உடனே கொடுக்க 3,000 இருந்தது. மொத்தம் 12,000 கட்ட முடியும். அப்படியானால் கேட்க வேண்டிய சலுகை 6,000.

"தீபாவளி போனஸ் வருமே, அதையும் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்று ஷிஃப்ட் ஓடும் கம்பெனியில் போனஸ் எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. உறுதி இல்லாத பணத்தைக் கடிதத்தில் எழுதினால், அது தவறும் மாதத்தில் கிடைத்த சலுகையும் ஆட்டம் காணும். வந்தால் முன்கூட்டியே கட்டிவிடலாம்.

இங்கே மூன்று தனித்தனிக் கோரிக்கைகள் குழம்பிவிடும். ஃபீஸ் குறைப்பது ஒன்று. தவணையாகக் கட்ட அனுமதி கேட்பது இன்னொன்று. கெடு நீட்டிக்கச் சொல்வது மூன்றாவது. தவணைக்கும் கெடுவுக்கும் முதல்வரே பல பள்ளிகளில் சரி சொல்லிவிடுவார். குறைப்புக்குத் தாளாளரோ நிர்வாகக் குழுவோ வேண்டும். "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதினால் எளிதான தவணையைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். இந்த வீட்டுக்குக் குறைப்பு, தவணை இரண்டும் தேவை. ஆகவே இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதினேன்.

கட்டணத்தில் எந்தப் பகுதி பள்ளியின் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கல்விக் கட்டணத்தில் குறைக்க முடியும். வேன் கட்டணமும் புத்தகப் பணமும் டீசலுக்கும் பதிப்பகத்துக்கும் போவதால் அதில் குறைப்பது அரிது. வேன் பெரிய பாரமாக இருந்தால், வேனை நிறுத்திவிட்டு டவுன் பஸ்ஸில் அனுப்ப முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். பள்ளி மாணவர்களுக்கு அரசு பஸ் பாஸ் உண்டு.

நிரப்பிய பத்திகள்

விவரம் கிடைத்தபின் நடுப்பகுதி இப்படி ஆனது:

"நானும் என் கணவரும் ஒரே பனியன் நிறுவனத்தில் வேலை செய்கிறோம். ஆகஸ்ட் மாதம் முதல் ஆர்டர் குறைந்ததால் வாரத்தில் மூன்று ஷிஃப்ட் மட்டுமே வேலை கிடைக்கிறது. இருவரின் வருமானமும் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. கடந்த ஆண்டுகளில் கட்டணத்தைப் பாக்கியின்றிச் செலுத்தியுள்ளோம்.

மீதமுள்ள ரூ. 18,000-இல் எங்களால் ரூ. 12,000 செலுத்த முடியும். ரூ. 6,000-ஐச் சலுகையாக அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலும், நாங்கள் செலுத்தும் தொகையில் ரூ. 3,000-ஐ இப்போதும், மீதியை நவம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் ரூ. 1,500 வீதமும் செலுத்த அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். எங்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் என்பதால், ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள்கிழமை செலுத்திவிடுவோம்."

திங்கள்கிழமை என்று நாளைக் குறித்தது சின்ன விஷயம்தான். ஆனால் யோசித்துத்தான் சொல்கிறார்கள் என்ற நம்பிக்கையை அது கொடுக்கும். "கடந்த ஆண்டுகளில் பாக்கியின்றி" என்ற வாக்கியத்தைப் பழைய ரசீதுகளைப் பார்த்தபின்தான் சேர்த்தேன். பாக்கி இருந்திருந்தால் அதை எடுத்திருப்பேன்.

அந்தப் பெண் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: வேறொரு வீட்டுப் பையனுக்குக் குறைத்தீர்கள், எங்களுக்கும் குறையுங்கள் என்று. அதை விட்டுவிடச் சொன்னேன். இன்னொரு வீட்டுச் சலுகையை வெளியே பேசினால், கொடுத்ததே தவறு என்று நினைக்க வைத்துவிடும்.

காகிதம் இல்லாத கஷ்டத்துக்கு என்ன காகிதம்

நோய்க்கு டிஸ்சார்ஜ் சம்மரி உண்டு. மரணத்துக்கு இறப்புச் சான்றிதழ் உண்டு. ஷிஃப்ட் குறைந்ததற்கு எந்த அலுவலகமும் சான்று தருவதில்லை. இந்த வீட்டில் இருந்தது என்ன? கணவரின் சம்பளம் வங்கிக்கு வருகிறது. பாஸ்புக்கில் ஜூலை வரைக்கும் ஆகஸ்டுக்குப் பிறகும் வாராவாரம் வந்த தொகை வரிசையாக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சான்று தேவையில்லை. அந்த இரண்டு பக்கத்தை மட்டும் நகல் எடுக்கச் சொன்னேன். கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றதை நகலில் மறைத்துவிடலாம். மனைவியின் சம்பளம் ரொக்கம். அதற்கு அவர் ஷிஃப்ட் குறித்துவைக்கும் சின்ன நோட்டுப் புத்தகம் இருந்தது. அதை இணைக்கவில்லை, நேரில் போகும்போது கையில் எடுத்துப் போகச் சொன்னேன்.

வருமானச் சான்றிதழ் பல பள்ளிகள் கேட்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். ஆதார், ரேஷன் கார்டு, வருமானம் குறித்த விவரம் வேண்டும். விஏஓ, வருவாய் ஆய்வாளர் பார்வைக்குப் போய்த்தான் வரும் என்பதால் கையில் கிடைக்க நாள் ஆகும். ஆகவே அதற்காகக் கடிதத்தை நிறுத்திவைக்காதீர்கள். "வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துள்ளேன், கிடைத்ததும் சமர்ப்பிக்கிறேன்" என்று எழுதி, விண்ணப்ப ஒப்புகைச் சீட்டின் நகலை வையுங்கள். உண்மையில் விண்ணப்பித்திருந்தால் மட்டும். அந்தச் சான்றிதழ் முழு வருஷ வருமானத்தைச் சொல்வது. இரண்டு மாதமாகக் குறைந்ததை அது காட்டாது. பாஸ்புக்கையும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான்.

எந்தக் காகிதத்தின் அசலையும் பள்ளியில் விட்டுவராதீர்கள். சரிபார்க்க அசலைக் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள்.

கொடுப்பதும் பதில் வாங்குவதும்

கெடு தேதி தாண்டியபின் வரும் கடிதத்தைவிட, கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு வரும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் 'பெறப்பட்டது' என்று தேதியோடு கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். பிள்ளையின் பையில் வைத்துக் கொடுத்தனுப்பாதீர்கள். கடிதம் வகுப்பாசிரியரிடம் தங்கிவிடும். அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளை வகுப்பின் முன் அதைச் சுமக்கக் கூடாது.

முடிவு வாய்மொழியாகத்தான் வரும்: "சரிம்மா, பார்த்துக்கறோம்." இங்கேதான் பலர் ஏமாறுவதை நான் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். தாளாளர் சரி சொல்லியிருப்பார், கணக்குப் பிரிவுக்குத் தகவல் வந்திருக்காது. ஜனவரியில் கம்ப்யூட்டர் முழு பாக்கியையும் காட்டும். சரி சொன்ன அன்றே, உங்கள் பிரதியிலோ அடுத்த ரசீதிலோ "சலுகை ரூ. 6,000 போக" என்று எழுதி வாங்குங்கள். அடுத்த தவணை கட்டும்போது ரசீதில் மீதி எவ்வளவு என்று பாருங்கள். குறையவில்லை என்றால் அன்றைக்கே கேளுங்கள். அடுத்த வருஷத்துக்கும் சலுகை தொடருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அந்த வருஷத்துக்கு மட்டும்தான்.

பள்ளி மறுக்கலாம். தனியார் பள்ளி சலுகை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள் தொடக்க வகுப்புச் சேர்க்கைக்கு மட்டும். ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையைப் புதிதாக அதில் சேர்க்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டண நிர்ணயக் குழு குறித்த தொகைக்கு மேல் பள்ளி வாங்கக் கூடாது. உங்களிடம் கேட்கப்படும் தொகை அதற்குள் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். அதிகமாக இருந்தால் அது வேறு மனு. சலுகைக் கடிதத்தில் அந்தப் புகாரைக் கலந்தால் இரண்டுமே கெடும்.

பாக்கி இருப்பதால் எட்டாம் வகுப்பு முடியாத பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு அதைத் தடுக்கிறது. வேறு பள்ளிக்கு மாற்ற நேர்ந்தால், மாற்றுச் சான்றிதழ் கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. பாக்கி பாக்கிதான், அதைப் பள்ளி சட்டப்படி வசூலிக்கலாம். சான்றிதழைப் பிடித்துவைத்து வசூலிக்க முடியாது.

அந்தப் பெண் கடிதத்தைக் கொடுத்து ஒன்பதாம் நாள் தாளாளரைப் பார்த்தார். பாஸ்புக் நகலைப் பார்த்தவர், நோட்டுப் புத்தகத்தையும் வாங்கிப் புரட்டினாராம். 6,000 கேட்டதில் 4,500 குறைத்தார்கள். தவணைக்கு முழுதாகச் சரி. மீதி 1,500-க்கு மே மாதத்தில் ஒரு தவணை கூடியது. பெறப்பட்டது என்று முத்திரை வாங்கிய பிரதியின் ஓரத்தில் அதை எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் காட்டிவிட்டுப் போனார்.